விளக்கு எரிகிறது, எழுத்து வரவில்லை: டி.வி.யில் கீபோர்டு, மவுஸ், கேம்பேடு சொருகுகிறவர்களுக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் டி.வி. மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். மே மாதம் பள்ளி விடுமுறையும் ஏற்காடு கோடை விழாவும் சேர்ந்து வரும்போது எனக்குத் தொலைபேசியில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டி.வி.க்குப் பின்னால் சொருகினேன், விளக்கு எரிகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை." கீபோர்டு, மவுஸ், பேரனுக்கு வாங்கிய கேம்பேடு என்று பொருள் மாறும், வாக்கியம் மாறாது. எல்லோரும் அந்த விளக்கை நம்பித்தான் ஏமாறுகிறார்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

விளக்கு எரிகிறது, எதுவும் நடக்கவில்லை

சாதாரண யூ.எஸ்.பி. கேபிளை வெட்டிப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரம் கொண்டுவருபவை. வெள்ளையும் பச்சையும் பேச்சுவார்த்தைக்கு. மவுஸின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரிவதற்கும் கீபோர்டில் வண்ண விளக்கு எரிவதற்கும் முதல் இரண்டு கம்பிகளே போதும். செல்போன் சார்ஜரில் சொருகினாலும் அவை எரியும். சார்ஜரில் நீங்கள் தட்டச்சு செய்ய முடியாது அல்லவா? டி.வி.யும் அந்தச் சார்ஜர் போலவே நடந்துகொள்ளலாம்.

மின்சாரம் போய்ச் சேர்ந்த பிறகு டி.வி. அந்தப் பொருளிடம் "நீ யார்?" என்று கேட்க வேண்டும். "நான் கீபோர்டு" என்று பதில் வந்தால், கீபோர்டைக் கையாளத் தெரிந்த ஒரு மென்பொருள் டி.வி.க்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டாவது பகுதி நடந்ததா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கீபோர்டில் கேப்ஸ் லாக் பொத்தானை அழுத்துங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கைக் கீபோர்டு தானாக ஏற்றிக்கொள்வதில்லை. நீங்கள் அழுத்தியது எதிர்முனைக்குப் போகிறது. அங்கிருக்கும் கணினியோ டி.வி.யோ அதை வாங்கிக்கொண்டு, "சரி, விளக்கைப் போடு" என்று திரும்ப உத்தரவு அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் விளக்கு எரியும். ஆகவே அழுத்த அழுத்த அந்த விளக்கு எரிந்து அணைந்தால் டி.வி. உங்கள் கீபோர்டோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். துவாரம் நல்லது, கேபிள் நல்லது, மென்பொருளும் இருக்கிறது. சிக்கல் வேறிடத்தில்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். சொருகிய கணத்தில் மூன்று விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அது பல கீபோர்டுகள் மின்சாரம் வந்ததும் தாங்களே செய்துகொள்ளும் சோதனை. இன்னொன்று, கேப்ஸ் லாக் விளக்கு எரியாவிட்டால் உடனே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். சில டி.வி.கள் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும், விளக்கு உத்தரவை மட்டும் திருப்பி அனுப்பாது. அப்போது முகப்புத் திரைக்குப் போய் அம்புக்குறி பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். தேர்வுக் கட்டம் நகர்ந்தால் போதும்.

இரண்டுமே நடக்கவில்லை என்றால், டி.வி. எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஸ்மார்ட் அல்லாத எல்.இ.டி. டி.வி.யில் உள்ள யூ.எஸ்.பி. துவாரம் பென் டிரைவில் உள்ள படத்தையும் பாட்டையும் எடுத்துக் காட்டுவதற்காக வைத்தது. அதற்குப் பென் டிரைவைத் தவிர வேறு யாரையும் தெரியாது. செட்டிங்ஸில் தேடியும் பயனில்லை, அதிக விலையில் வேறு கீபோர்டு வாங்கியும் பயனில்லை. எச்.டி.எம்.ஐ. துவாரத்தில் ஓர் ஆண்ட்ராய்டு பாக்ஸ் மாட்டி, கீபோர்டை அந்தப் பாக்ஸில் சொருகுவதுதான் வழி.

ஸ்மார்ட் டி.வி. என்றால் நிலைமை வேறு. ஆண்ட்ராய்டு டி.வி.யும் கூகுள் டி.வி.யும் லினக்ஸ் அடித்தளத்தில் ஓடுகின்றன; சாதாரணக் கீபோர்டும் மவுஸும் டிரைவர் என்ற தனி இயக்கு மென்பொருள் எதுவும் இல்லாமலே வேலை செய்யும். எல்.ஜி.யின் வெப் ஓ.எஸ். கீபோர்டையும் மவுஸையும் ஏற்கிறது, அந்த டி.வி.யின் ரிமோட்டே திரையில் அம்பை நகர்த்தும் வகை என்பதால் மவுஸ் அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. சாம்சங்கின் டைசனில் இணைய உலாவிக்குள் இவை உதவும். மற்ற செயலிகளில் பெரும்பாலும் அதே அளவு எதிர்பார்க்க முடியாது.

விளக்கே எரியவில்லை

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் டி.வி. உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிமோட்டில் அணைத்த நிலையில் பல டி.வி.கள் யூ.எஸ்.பி. துவாரத்துக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும். கீபோர்டைத் தட்டி டி.வி.யை எழுப்ப முடியாததற்கும் இதுதான் காரணம். டி.வி. ஓடும்போதும் விளக்கு எரியவில்லை என்றால் அதே துவாரத்தில் ஒரு பென் டிரைவைச் சொருகிப் பாருங்கள். அது தெரிந்தால் துவாரம் நல்லது.

வண்ண விளக்குகள் நிறைந்த கேமிங் கீபோர்டு எரிந்து எரிந்து அணைகிறது என்றால் அது மின்சாரப் பற்றாக்குறை. டி.வி.யின் துவாரத்தருகே பொதுவாக 5 வோல்ட், 0.5 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். சாதாரண அலுவலகக் கீபோர்டுக்கு இதில் ஒரு சிறு பங்கு போதும். விளக்கு அலங்காரம் உள்ளதோ அந்த எல்லை வரை வந்துவிடும். அதோடு ஒரு துவாரத்தைப் பலவாகப் பிரிக்கும், தனி மின்சாரம் இல்லாத ஒரு ஹப்பை இடையில் போட்டு, அதில் ஹார்டு டிஸ்கையும் மாட்டினால் எல்லாமே தடுமாறும். ஹப் வேண்டுமென்றால் தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள்.

மலையில் இருப்பவர்கள் எதற்கெடுத்தாலும் லோ வோல்டேஜ் மேல் பழி போடுவார்கள். கரண்ட் ஏறி இறங்குவது உண்மைதான். ஆனால் இப்போதைய டி.வி.களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் மின்வழங்கியோடு வருகின்றன. டி.வி. படம் காட்டுகிற வரைக்கும் யூ.எஸ்.பி. துவாரத்தில் அதே 5 வோல்ட்தான் இருக்கும்.

கீபோர்டு வேலை செய்கிறது, சானல் மட்டும் மாறவில்லை

அம்மாபேட்டையில் ஒரு பெரியவர் புதுக் கீபோர்டை டி.வி.யில் சொருகிவிட்டு, கேபிள் செட்டாப் பாக்ஸில் சானல் எண்ணைத் தட்டித் தட்டிப் பார்த்தார். கீபோர்டு மேல் கோபம் வந்து கடைக்காரரோடு சண்டைக்கும் போய்விட்டார். கடைக்காரர் மேல் ஒரு தவறும் இல்லை.

எச்.டி.எம்.ஐ. கேபிள் படத்தையும் ஒலியையும் பாக்ஸிலிருந்து டி.வி.க்குக் கொண்டுவருகிறது. டி.வி.யில் சொருகிய கீபோர்டு டி.வி.யோடு மட்டும்தான் பேசும். அதன் எழுத்துகள் கேபிள் வழியே பின்னோக்கிப் பயணித்துப் பாக்ஸுக்குள் போகாது. டி.வி. ரிமோட்டின் சில பொத்தான்கள் சில கருவிகளை இயக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது எச்.டி.எம்.ஐ.யில் உள்ள சி.இ.சி. என்ற தனி ஏற்பாடு. ரிமோட் கட்டளைகளுக்காக வைத்தது, கீபோர்டுக்கோ மவுஸுக்கோ அது பாதை ஆகாது.

மடிக்கணினியை டி.வி.யோடு இணைத்துவிட்டு மவுஸை டி.வி.யில் சொருகுகிறவர்களுக்கும் இதே பதில்தான். எந்தக் கருவியின் படம் திரையில் தெரிகிறதோ அந்தக் கருவியில் சொருகுங்கள்.

மவுஸ் அம்பு ஓடுகிறது, அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை

அம்பு நகர்ந்தாலே மவுஸ் சரியாக இருக்கிறது. பதில் சொல்லாதது செயலி. டி.வி. செயலிகள் நான்கு திசைப் பொத்தானும் நடுவில் ஒரு சரி பொத்தானும் உள்ள ரிமோட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு படத்தின் மேல் கட்டம் விழுந்திருக்க வேண்டும், பிறகு சரியை அழுத்த வேண்டும் என்பதே அவற்றின் கணக்கு. அம்பு எங்கே நிற்கிறது என்று சில செயலிகள் கேட்பதே இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் மவுஸை வைத்துவிட்டுக் கீபோர்டின் அம்புக்குறிகளையும் எண்டர் பொத்தானையும் பயன்படுத்துங்கள். பின்னால் போக ஆண்ட்ராய்டு டி.வி.யில் பெரும்பாலும் எஸ்கேப் பொத்தான் உதவும். தேடல் பெட்டியிலும் இதே கதைதான். சில செயலிகள் எழுத்துப் பலகையைத் தாங்களே திரையில் வரைந்து வைத்துக்கொண்டு, நீங்கள் தட்டும் எழுத்தை வாங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அதே கீபோர்டு வைஃபை கடவுச்சொல் பெட்டியில் அழகாக எழுதும். இடத்துக்கு இடம் மாறுகிறது என்றால் பொருளைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

கேம்பேடு: பாதி வேலை செய்கிறது, பாதி செய்யவில்லை

கீபோர்டும் மவுஸும் ஒரே பொது மொழி பேசும் சாதுக்கள். கேம்பேடு அப்படியல்ல, அதற்கு இரண்டு மூன்று வேடங்கள் உண்டு. போன கோடையில் ஏற்காட்டில் நாகலூர் சாலைப் பக்கம் நான்கு அறைகள் கொண்ட விருந்தினர் இல்லம் நடத்தும் அக்கா ஒருவர் அழைத்தார். கூடத்தில் 43 அங்குல ஆண்ட்ராய்டு டி.வி. தங்க வரும் பிள்ளைகள் விளையாட, சேலத்தில் ஒரு கடையில் மலிவான கேம்பேடு ஒன்றை வாங்கிப் போயிருந்தார்.

"தம்பி, நான்கு விளக்கும் சேர்ந்து மின்னுகிறது. ஆனால் திரையில் ஒன்றும் அசையவில்லை. மேலே வந்து பார்க்க முடியுமா?"

இருபது கொண்டை ஊசி வளைவுகள். மழை வேறு. தொலைபேசியிலேயே பார்ப்போம் என்றேன்.

"அக்கா, வரவேற்பறைக் கணினியின் கீபோர்டைக் கழற்றி, கேம்பேடு சொருகிய அதே துவாரத்தில் போடுங்கள். கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள்."

விளக்கு எரிந்து அணைந்தது. டி.வி.யும் துவாரமும் நல்லவை என்று ஆயிற்று. இனி கேம்பேடும் அதன் கேபிளும்தான் மிச்சம்.

இந்த வகைக் கேம்பேடில் நான்கு விளக்கும் சேர்ந்து மின்னிக்கொண்டே இருந்தால், ஒன்று அது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது, அல்லது தன்னை ஏற்க யாரும் இல்லை என்று தேடிக்கொண்டிருக்கிறது. எதிர்முனை ஏற்றுக்கொண்டால் மின்னல் நின்று, ஒரு விளக்கு நிலையாக எரியும். ஆகவே என் சந்தேகம் கேபிள் மேல் போனது. எந்தக் கேபிள் என்று கேட்டேன். கேம்பேடோடு வந்தது தொலைந்துவிட்டதாகவும், புளூடூத் ஸ்பீக்கரோடு வந்த கேபிளைப் போட்டிருப்பதாகவும் சொன்னார்.

அங்கேதான் விஷயம். ஸ்பீக்கர், டார்ச், மின்விசிறி போன்ற பொருள்களோடு வரும் கேபிள்களில் பலவற்றுக்கு உள்ளே சிவப்பும் கறுப்பும் மட்டும்தான் இருக்கும். வெள்ளையும் பச்சையும் கிடையாது. வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. சோதிக்கும் முறை எளிது: அந்தக் கேபிளால் செல்போனைக் கணினியோடு இணையுங்கள். கோப்பு மாற்றலாமா என்ற கேள்வியே வராமல் சார்ஜ் மட்டும் ஏறினால், அது சார்ஜ் கேபிள். அக்கா செய்து பார்த்தார். சார்ஜ் மட்டும் ஏறியது. செல்போனோடு வந்த கேபிளைக் கேம்பேடில் மாற்றிப் போட்டதும் முதல் விளக்கு நிலையாக நின்றது.

"வந்துவிட்டது தம்பி. மேலே கீழே போகிறது. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உள்ளேதான் போகிறது. வெளியே வர முடியவில்லை. விளையாட்டிலும் பொத்தான்கள் எடுக்கவில்லை."

இது வேறு நோய். மலிவான கேம்பேடுகள் பலவற்றில் இரண்டு நிலைகள் இருக்கும். ஒன்றில் அது எக்ஸ்பாக்ஸ் கேம்பேடு போல வேடம் போடும், எக்ஸ்-இன்புட் என்பார்கள். மற்றதில் பழைய ஜாய்ஸ்டிக் போல நிற்கும், அது டி-இன்புட். ஜாய்ஸ்டிக் வேடத்தில் பொத்தான்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும்தான் உண்டு. எது 'ஏ', எது 'பி' என்று அது சொல்லாது. டி.வி. என்ன செய்யும்? முகப்புத் திரையில் எல்லா எண்ணையும் சரி என்றே எடுத்துக்கொள்கிறது. 'பி' அழுத்தினால் பின்னால் போக வேண்டும் என்பது அதற்குத் தெரியவில்லை. விளையாட்டோ 'ஏ' வருமா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எக்ஸ்பாக்ஸ் வேடத்தில் ஒவ்வொரு பொத்தானும் பெயரோடு போய்ச் சேரும். ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான மொழி அல்ல, அதற்குத் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸில் அதன் பெயர் `xpad`. ஆண்ட்ராய்டு டி.வி.களில் பொதுவாக அது சேர்ந்தே வருகிறது. அதனால் ஆண்ட்ராய்டு டி.வி. என்றால் நான் முதலில் எக்ஸ் நிலையை முயன்று பார்ப்பேன், அதை டி.வி. கண்டுகொள்ளாவிட்டால்தான் டி நிலைக்குப் போவேன்.

நிலையை மாற்றச் சில கேம்பேடுகளில் முதுகில் எக்ஸ், டி என்று எழுதிய சிறு சுவிட்ச் இருக்கும். பலவற்றில் நடுவில் உள்ள ஹோம் பொத்தானை ஐந்து விநாடி போல அழுத்திப் பிடிக்க வேண்டும். இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் பெட்டியில் வந்த காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். அக்காவின் கேம்பேடில் ஹோம் பொத்தான் வழி பலித்தது. எரியும் விளக்கு மாறியது, 'பி' அழுத்தியதும் திரை பின்னால் வந்தது, விளையாட்டும் ஓடியது.

மறுநாள் காலை மீண்டும் அழைப்பு. ராத்திரி கேம்பேடைக் கழற்றி வைத்தார்களாம். காலையில் பழையபடி ஆகிவிட்டது. இந்த வகைக் கேம்பேடு கழற்றியதும் தன் வேடத்தை மறந்துவிடும், ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும். கேம்பேடின் முதுகில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, "சொருகியதும் ஹோம் ஐந்து விநாடி" என்று எழுதி வைக்கச் சொன்னேன்.

கையில் மடிக்கணினி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் ஊகிக்கத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு டி.வி.யில், டி.வி.யைப் பற்றிய பக்கத்தில் பில்ட் எண்ணை ஏழு முறை அழுத்தினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் பிழைநீக்கும் இணைப்பை அனுமதித்துவிட்டு, மடிக்கணினியில் `adb` என்ற கட்டளைக் கருவியை நிறுவி, டி.வி.யின் ஐ.பி. முகவரியைப் போட்டு இப்படிக் கேட்கலாம்:

```
adb connect 192.168.1.20
adb shell getevent -lp
```

டி.வி.யோடு இணைந்துள்ள உள்ளீட்டுக் கருவிகள் எல்லாம் பட்டியலாக வரும். உங்கள் கேம்பேடின் பெயரே அதில் இல்லை என்றால் டி.வி. அதை ஏற்கவே இல்லை: கேபிளையும் நிலையையும் மாற்றிப் பாருங்கள். பெயர் இருந்து, அதன் பொத்தான் வரிசை `BTN_GAMEPAD` என்று தொடங்கினால் பெயர் சொல்லும் வேடத்தில் இருக்கிறது. `BTN_JOYSTICK` என்று தொடங்கினால் எண் மட்டும் சொல்லும் வேடம். வேலை முடிந்ததும் அந்தப் பிழைநீக்கும் அனுமதியை அணைத்துவிடுங்கள், குறிப்பாக விருந்தினர்கள் ஒரே வைஃபையைப் பயன்படுத்தும் இடத்தில்.

பிளேஸ்டேஷன் 4 கேம்பேடு கேபிள் வழியாக வேலை செய்வது வழக்கம்; புளூடூத் வழியாகவும் சேரும். எக்ஸ்பாக்ஸின் புதிய கேம்பேடுகளையும் புளூடூத்தில் சேர்க்கலாம். ஆனால் எக்ஸ்பாக்ஸுக்கென்று தனியாக விற்கும் கம்பியில்லா டாங்கிளை டி.வி.யில் சொருகிப் பணத்தை வீணாக்காதீர்கள், அதற்கு வேண்டிய டிரைவர் பொதுவாக டி.வி.யில் இருப்பதில்லை. ஸ்டியரிங் சக்கரமும் அப்படித்தான். திரும்பினாலும் திரும்பலாம், ஆனால் கையில் அந்த எதிர்விசை வராது.

மெனு தானாகவே ஓடுகிறது

இதை நான் மலை மேல்தான் அதிகம் பார்க்கிறேன். யாரும் தொடாமலே தேர்வுக் கட்டம் கீழே கீழே ஓடும். டி.வி.க்கு வைரஸ் வந்துவிட்டது என்பார்கள். சொருகியதைக் கழற்றுங்கள். ஓட்டம் நின்றால் குற்றவாளி கையில் இருக்கிறது. நிற்காவிட்டால் ரிமோட்டின் மின்கலங்களைக் கழற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு பொத்தான் அமுங்கியே இருக்கலாம்.

கேம்பேடின் குச்சி எங்கே இருக்கிறது என்பதை அது ஓர் எண்ணாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பல கேம்பேடுகளில் அந்த எண் 0 முதல் 255 வரை போகும். கையை எடுத்தால் நடுவில், 128 அருகே வந்து நிற்க வேண்டும். குச்சியின் அடியிலுள்ள தேயும் பாகத்தில் தூசியும் ஈரமும் சேர்ந்தால் நடுவுக்கு வராமல் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். டி.வி. அதை நீங்கள் அழுத்திப் பிடித்திருப்பதாக எடுத்துக்கொள்கிறது. குச்சியை எல்லாத் திசையிலும் பத்திருபது முறை முழுமையாகச் சுழற்றுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டுக் கழற்றி மாட்டுங்கள், சில கேம்பேடுகள் மாட்டும் கணத்தில் இருக்கும் இடத்தையே நடு என்று எடுத்துக்கொள்கின்றன. அதற்கும் மசியாவிட்டால் குச்சியின் அடியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டொரு துளி விட்டு, நன்றாக உலரவிட்டுப் பார்க்கலாம். அப்போதும் ஓடினால் தேய்ந்துவிட்டது.

கீபோர்டாக இருந்தால் உள்ளே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் ஈரம் புகுந்து ஒரு பொத்தான் அழுத்தியபடியே தெரியும். மாலை மூடுபனி இறங்கும்போது சன்னலோரம் கிடக்கும் கீபோர்டுகளுக்கு இது வருகிறது. அரிசிப் பானைக்குள் போட்டு வைக்கும் வைத்தியத்தால் தூசிதான் சேரும். காற்றோட்டமான, வெயில் நேராகப் படாத இடத்தில் தலைகீழாக இரண்டு நாள் வையுங்கள். சீசன் முடிந்து எடுத்து வைக்கும்போது மூடி இறுகும் டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

கம்பியில்லா கீபோர்டு விட்டு விட்டு எழுதுகிறது

டாங்கிளோடு வரும் கீபோர்டும் மவுஸும் டி.வி.க்குக் கம்பியுள்ளவை போலவே தெரியும், ஏனென்றால் வானொலிப் பேச்சையெல்லாம் டாங்கிளே பார்த்துக்கொள்கிறது. டி.வி.யில் எதையும் இணைக்கத் தேவையில்லை. சிக்கல் அந்த டாங்கிள் இருக்கும் இடம்தான். சுவரோடு ஒட்டி மாட்டிய டி.வி.யின் முதுகில், உலோகத் தகட்டுக்குப் பின்னால், சின்ன நகம் அளவு பொருள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கேட்க முயல்கிறது. வைஃபையின் ஒரு பகுதியும் புளூடூத்தும் அதே அலைவரிசை. பக்கத்துத் துவாரத்தில் யூ.எஸ்.பி. 3.0 ஹார்டு டிஸ்க் ஓடினால் அதன் இரைச்சலும் அங்கேயே விழும்.

ஒன்றரை அடி நீட்டிப்பு கேபிள் ஒன்றை வாங்கி, டாங்கிளை டி.வி.யின் கீழ் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள். சோபாவிலிருந்து அது கண்ணில் பட வேண்டும். என் அனுபவத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடுகிறது. மீதிப் பேருக்கு மின்கலம் தீர்ந்திருக்கும்.

இதுவரை எதுவும் வாங்காதவர் என்னைக் கேட்டால், டச்பேட் சேர்ந்த ஒரு சிறிய கம்பியில்லா கீபோர்டைக் காட்டுவேன். ஒரே டாங்கிள், ஒரே துவாரம், டி.வி. அதைக் கீபோர்டாகவும் மவுஸாகவும் சேர்த்தே ஏற்கிறது. மேசையும் வேண்டாம். நாகலூர் அக்காவுக்கும் பிறகு அதைத்தான் வாங்கச் சொன்னேன். அதன் டாங்கிளை மட்டும் விருந்தினர்கள் பென் டிரைவ் என்று நினைத்துக் கழற்றி எடுத்துப் போய்விடுகிறார்களாம். இரண்டு முறை தொலைந்து, மூன்றாவதை நீட்டிப்பு கேபிளோடு சேர்த்து டேப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார்.